பம்ப்செட் கையேடு, நான்காம் பதிப்பு: பழைய வாக்கியங்கள் மாறாமல் இருக்க மெமரியை எப்படி உருவாக்குவது?

கோவை_கையேடு

வணக்கம். கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கையேடுகள் என் பொறுப்பு. ஆங்கிலத்தில் எழுதி, வெளியில் கொடுத்துத் தமிழில் வாங்குகிறோம். சப்மெர்சிபிள் பம்புக்கான கண்ட்ரோல் பேனல் கையேடு மூன்று பதிப்பு வந்துவிட்டது. மூன்றையும் மொழிபெயர்த்தவர்கள் வேறு வேறு ஆட்கள்.

எச்சரிக்கைப் பக்கத்தின் முதல் வாக்கியம் ஆங்கிலத்தில் மூன்று பதிப்பிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. தமிழில் இப்படி இருக்கிறது:

முதல் பதிப்பு: பேனலைத் திறக்கும் முன் மெயின் சப்ளையை ஆஃப் செய்யவும்.
இரண்டாம் பதிப்பு: பலகையைத் திறப்பதற்கு முன்னர் முதன்மை மின்சாரத்தை நிறுத்துக.
மூன்றாம் பதிப்பு: பேனலைத் திறக்கும் முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

மூன்றாவதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. எங்கள் பேனலுக்குள்ளேயே ஒரு மெயின் சுவிட்ச் உண்டு. அதை அணைத்தாலும் லைன் உள்ளே வரும் டெர்மினலில் கரண்ட் இருக்கும். வாசிக்கிற மெக்கானிக் பேனல் சுவிட்சைத்தான் நினைப்பார். மூலத்தில் சொன்னது வெளியே இருக்கும் சப்ளையை.

இப்போது நான்காம் பதிப்பு வருகிறது. பெரும்பகுதி பழையதே. டிரை ரன் பாதுகாப்பும் மொபைல் ஸ்டார்ட்டரும் மட்டும் புதிய அத்தியாயங்கள். ஆங்கில மூலம் மூன்றும் வேர்டில் பத்திரமாக இருக்கிறது. தமிழில் முதல் பதிப்பு பேஜ்மேக்கர் கோப்பு, மற்ற இரண்டும் வேர்டு. இவற்றை வைத்து, ஆங்கில வாக்கியத்தையும் அதன் தமிழையும் ஜோடியாகச் சேமிக்கும் டிரான்ஸ்லேஷன் மெமரி உருவாக்கினால் இந்தக் குழப்பம் தீருமா? மூன்றையும் உள்ளே போட வேண்டுமா?

சிவா_டிடிபி

நண்பரே, இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. எக்செல்லில் ஒரு சொற்பட்டியல் போடுங்கள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் நீங்கள் ஒப்புக்கொண்ட தமிழ். மொழிபெயர்ப்பாளரிடம் வேலையோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். வந்ததும் வேர்டில் தேடி மாற்றிக்கொள்ளலாம். பல வருடமாக இப்படித்தான் புத்தகம் கட்டுகிறோம்.

மீனாட்சி_தொழில்நுட்பம்

சிவா சொல்லும் சொற்பட்டியல் கட்டாயம் வேண்டும். ஆனால் அது பாதிதான் காப்பாற்றும். மேலே உள்ள மூன்று வாக்கியங்களில் முதலாவதையும் மூன்றாவதையும் பாருங்கள். பேனல், மெயின் என்ற சொற்கள் இரண்டிலும் ஒன்றேதான். பட்டியலை வைத்துச் சோதித்தால் சப்ளைக்குப் பதில் சுவிட்ச் வந்ததைக் கண்டுபிடிக்கலாம், அதுவும் சப்ளை என்ற சொல் பட்டியலில் இருந்தால் மட்டும். ஆனால் ‘திறக்கும் முன்’ என்பது ‘திறந்ததும்’ என்று மாறியிருந்தால் எந்தப் பட்டியலும் பிடிக்காது. முழு வாக்கியத்தையும் ஜோடியாக வைத்திருந்தால்தான் அது தெரியும்.

கோவை நண்பருக்கு: மூன்றையும் அப்படியே உள்ளே கொட்டாதீர்கள். ஒரே ஆங்கில வாக்கியத்துக்கு மூன்று தமிழ் இருந்தால் மெமரி மூன்றையும் காட்டும். மொழிபெயர்ப்பவர் அன்றைக்குக் கையில் பட்டதை எடுப்பார். இன்றைய குழப்பம் அப்படியே தொடரும், வேகமாக.

நான் செய்வது இது. ஒமேகாடி என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் இலவசம், உங்கள் அளவுக்குப் போதும். அதில் கருவிகள் பட்டியலிலேயே இரண்டு கோப்புகளை வாக்கியத்துக்கு வாக்கியம் ஜோடி சேர்க்கும், அதாவது அலைன் செய்யும் வசதி இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் ஒவ்வொன்றின் ஆங்கிலத்தையும் அதன் தமிழோடு அலைன் செய்யுங்கள். வருவதை எக்செல்லில் இரண்டு நெடுவரிசையாக வைத்து, ஆங்கிலப் பக்கத்தை அகரவரிசைப்படுத்துங்கள். ஒரே ஆங்கிலம் அடுத்தடுத்து வந்து நிற்கும். எதிரே தமிழ் வேறுபடும் இடம் கண்ணில் படும். அந்த வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் பிரிவில் உள்ளவர்களோடு உட்காருங்கள். பேனலைத் தினமும் திறக்கிறவர்கள் எதைச் சொல்கிறார்களோ அதை வைத்துவிட்டு மற்றதை அழியுங்கள். ஒரு ஆங்கில வாக்கியத்துக்கு ஒரே தமிழ் என்ற நிலை வந்த பிறகுதான் மெமரிக்கான `.tmx` கோப்பாக்க வேண்டும்.

பேஜ்மேக்கர் பதிப்பை விட்டுவிடலாம். அதில் உள்ள நல்ல வாக்கியங்களைக் கையால் எடுத்துச் சேர்ப்பதே லாபம்.

கார்த்திக்_நிரல்

அலைன் செய்யும்போது ஒரு ஆபத்து உண்டு. ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியமாக இருப்பதைத் தமிழில் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருப்பார்கள். அந்த இடத்திலிருந்து ஜோடிகள் ஒவ்வொன்றாக நழுவிக்கொண்டே போகும். பத்து வரி தள்ளிப் பார்த்தால் எதற்கோ எது என்று நிற்கும், ஆனால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

இதைப் பிடிக்க எண்கள்தான் வழி. கையேட்டில் ஆம்பியர், வோல்ட், மில்லிமீட்டர் என்று எங்கும் எண் இருக்கும். இரண்டு பக்கத்திலும் உள்ள எண்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் 415 இருந்து தமிழில் 415 இல்லை என்றால் அந்த வரியோ அதற்குச் சற்று முன்னாலோ நழுவியிருக்கிறது. சில இடங்களில் தமிழில் எண்ணை எழுத்தால் எழுதியிருப்பார்கள், அது பொய் எச்சரிக்கை. மற்றபடி நல்ல வலை.

இன்னொன்று, பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய தமிழில் ‘ொ’ ஒரே குறியாக இல்லாமல் ‘ெ’, ‘ா’ என்று இரண்டாக இருக்கலாம். திரையில் ஒன்று போலவே தெரியும். அதனால் மெமரியில் பொருந்தும் வாக்கியம், அதாவது மேட்ச், கிடைக்காமல் போகும், கவனம்.

மீனாட்சி_தொழில்நுட்பம்

எண் சோதனை அருமை. கடைசியில் சொன்னது மட்டும் அப்படி இல்லை, கார்த்திக். மேட்ச் தேடுவது மூலத்தில், அதாவது ஆங்கிலப் பக்கத்தில். தமிழில் எந்தக் குறி இருந்தாலும் மேட்ச் சதவீதம் மாறாது. ஆனால் பாதிப்பு வேறு இடத்தில் வரும். மெமரிக்குள் ‘மோட்டார்’ என்று தேடினால் பாதி வரி கிடைக்காது. தேடி மாற்றினால் பாதி மாறாமல் நிற்கும். ஆகவே எல்லாவற்றையும் ஏற்றுவதற்கு முன் ஒரு முறை, இரண்டாகப் பிரிந்த குறியை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

கார்த்திக்_நிரல்

ஆமாம், மூலப் பக்கம்தான். நன்றி.

சிவா_டிடிபி

பேஜ்மேக்கர் கோப்பை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். பாமினியோ வானவில்லோ எதுவாக இருந்தாலும் என்.எச்.எம். கன்வெர்ட்டரில் யூனிகோடாக்கலாம். நான் நிறைய மாற்றியிருக்கிறேன். வரி உடைப்புகள்தான் தொல்லை, சில கோப்புகளில் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் இருக்கும், அதை நீக்க வேண்டும்.

கோவை_கையேடு

மேடம், மிக்க நன்றி. அகரவரிசைப்படுத்தியதும் நிறைய தெரிகிறது. ‘இறுக்கவும்’, ‘முடுக்கவும்’, ‘டைட் செய்யவும்’ மூன்றும் ஒரே அத்தியாயத்தில் இருக்கின்றன.

அடுத்த சந்தேகம். மெமரி தயாரானதும், நான்காம் பதிப்பில் நூறு சதவீதம் பொருந்தும் வரிகளை அப்படியே நிரப்பிவிடலாம் அல்லவா? தொண்ணூறுக்கு மேல் உள்ளவற்றில் எண் மட்டும்தான் மாறியிருக்கும், அவற்றையும் தானாக நிரப்பிவிட்டு எண்ணைத் திருத்தினால் நேரம் மிச்சம் என்று எங்கள் மேலாளர் சொல்கிறார்.

மீனாட்சி_தொழில்நுட்பம்

மேலாளர் சொல்வதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். சதவீதம் சொற்களை எண்ணி வருவது, அர்த்தத்தை அறிந்து வருவதில்லை. பம்ப் துறையிலிருந்தே ஒரு ஜோடி தருகிறேன்.

```
Close the delivery valve fully before starting the motor.
Open the delivery valve fully before starting the motor.
```

ஒன்பது சொற்களில் ஒன்று மாறியிருக்கிறது, ஏறக்குறைய 89 வரும். முதலாவது மோனோபிளாக் சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு: வால்வை மூடி ஸ்டார்ட் செய்தால் மோட்டார் இழுக்கும் சக்தி குறைவு. இரண்டாவது ப்ரொப்பெல்லர் வகை பம்புக்கு: அதை மூடி ஸ்டார்ட் செய்தால் மோட்டாருக்கு ஓவர்லோடு. நேர் எதிரான கட்டளைகள். வாக்கியம் இன்னும் நீளமாக, இருபது சொல் இருந்தால் இதே ஒரு சொல் மாற்றம் 95 காட்டும். வாக்கியம் நீளமாக நீளமாக அந்த ஒரு சொல் இன்னும் மறைந்துவிடும்.

ஒமேகாடி மேட்ச் பகுதியில் மூன்று எண் காட்டும். முதல் இரண்டும் எண்களையும் வடிவமைப்பைக் குறிக்கும் டேக்குகளையும் கணக்கில் எடுப்பதில்லை, மூன்றாவதுதான் எல்லாவற்றையும் எடுக்கும். எண் மட்டும் மாறிய வாக்கியத்துக்கு முதல் இரண்டும் 100 ஆகவும் மூன்றாவது குறைவாகவும் இருக்கும். மேலாளர் நினைக்கும் ‘எண் மட்டும் மாறிய வரி’யை அடையாளம் காண அதுவே வழி. முதல் இரண்டுமே 100க்குக் கீழே வந்தால் சொல் மாறியிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட வரியை மனிதர் ஒருவர் வாசிக்காமல் விடக்கூடாது.

எண் மாறிய வரியிலும் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ‘1 போல்ட்டைக் கழற்றவும்’ என்பது ‘4 போல்ட்டைக் கழற்றவும்’ ஆகாது, ‘போல்ட்டுகளை’ ஆக வேண்டும். பெரிய தவறு இல்லை, ஆனால் வாசித்துப் பார்க்க வேண்டும்.

கோவை_கையேடு

புரிகிறது. அப்படியானால் நூறு சதவீதம்?

மீனாட்சி_தொழில்நுட்பம்

நூறிலும் ஒரு எல்லை உண்டு. முழு வாக்கியம் நூறு என்றால் பெரும்பாலும் நம்பலாம். ஒற்றைச் சொல், மெனு பெயர், அட்டவணைக் கட்டம் ஆகியவை நூறாக இருந்தாலும் நம்ப முடியாது. உங்கள் மொபைல் ஸ்டார்ட்டர் அத்தியாயத்தில் இது வரும். `Open` என்பது ஓரிடத்தில் அழுத்தும் பட்டன், இன்னோரிடத்தில் வால்வின் நிலை. பட்டனுக்கு ‘திற’, நிலைக்கு ‘திறந்துள்ளது’. ஒமேகாடியில் இரண்டாவதை மாற்று மொழிபெயர்ப்பு என்று பதிவு செய்யலாம். அது எந்தக் கோப்பில், எந்த வரிகளுக்கு நடுவில் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். சேமித்த கோப்பில் இப்படி இருக்கும்:

```xml
<tu>
  <prop type="file">manual.docx</prop>
  <prop type="prev">Valve position</prop>
  <prop type="next">Closed</prop>
  <tuv lang="EN-IN"><seg>Open</seg></tuv>
  <tuv lang="TA-IN"><seg>திறந்துள்ளது</seg></tuv>
</tu>
```

முதல் `prop` வரியைக் கவனியுங்கள். கோப்பின் பெயரும் அடையாளத்தில் ஒரு பகுதி. மூன்றாம் பதிப்பை `manual_v3.docx` என்றும் நான்காவதை `manual_v4.docx` என்றும் வைத்தால், வாக்கியம் அதேதான் என்றாலும் மாற்று மொழிபெயர்ப்பு ஒட்டாது. எல்லா இடத்திலும் ‘திற’ வந்து நிற்கும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். ஆகவே பதிப்பு எண்ணைக் கோப்புப் பெயரில் வைக்காமல் ஃபோல்டரில் வையுங்கள்.

கார்த்திக்_நிரல்

கோப்பு வடிகட்டி அமைப்பில் மாற்று மொழிபெயர்ப்புக்குக் கோப்புப் பெயரைப் பார்க்காதே என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை டிக் செய்தாலும் தீரும். ஆனால் இரண்டு கையேடுகள் ஒரே புராஜெக்டில் இருந்தால் அது வேறு வம்பு. பெயரை மாற்றாமல் வைப்பதே நல்லது.

யாழினி_வடக்கு

வணக்கம், நான் யாழ்ப்பாணத்திலிருந்து. ஆய்வுகூடக் கருவிகளின் கையேடுகளைத் தமிழாக்குகிறேன். என் கேள்வி கொஞ்சம் வேறு. இந்தியாவில் செய்த ஒரு மெமரியை எனக்குத் தந்திருக்கிறார்கள். அதில் எல்லா இடத்திலும் ‘சுவிட்ச்’. நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே ‘ஆளி’ என்றுதான் படித்தோம். மெமரியின் மொழிக் குறியை `ta-IN` இலிருந்து `ta-LK` என்று மாற்றிவிட்டால் போதும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். போதுமா?

மீனாட்சி_தொழில்நுட்பம்

யாழினி, போதாது. குறியை மாற்றினால் மென்பொருள் ஏமாறும், வாசிப்பவர் ஏமாற மாட்டார். அந்த மெமரியை `tm` ஃபோல்டருக்குள் `penalty-30` என்று ஒரு துணை ஃபோல்டர் உருவாக்கி அதில் வையுங்கள். அதிலிருந்து வரும் எதுவும் 30 புள்ளி குறைந்தே தெரியும். நூறு பொருந்தினாலும் 70 என்றுதான் காட்டும். பார்த்துக் கற்றுக்கொள்ளப் பயன்படும், தானாக உள்ளே நுழையாது. உங்கள் சொந்த வாக்கியங்கள் சேரச் சேர அவையே மேலே வரும்.

கோவை நண்பருக்கும் இதே வழி. சர்வீஸ் பிரிவோடு உட்கார்ந்து முடிவு செய்யாத பழைய வாக்கியங்களை அழிக்க மனம் வராவிட்டால் `penalty-20` இல் வையுங்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட வாக்கியங்கள் `tm/auto` வில். அது காலியாக உள்ள இடங்களை மட்டும் நிரப்பும். எச்சரிக்கை வாக்கியங்களுக்கு மட்டும் தனிக் கோப்பு ஒன்று வைத்து `tm/enforce` இல் போடுங்கள். அது ஏற்கெனவே யாராவது வேறு மாதிரி மொழிபெயர்த்திருந்தாலும் அதன் மேலேயே எழுதிவிடும். அதனால்தான் அந்தக் கோப்பு சிறியதாக, ஒவ்வொரு வரியும் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும்.

யாழினி_வடக்கு

நன்றி அக்கா. எங்களுக்கு இன்னொரு கையேடு கோவை பம்புக்கே வரப் போகிறது என்று கேள்வி. அப்போது இரண்டு மெமரியையும் தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும் போல.

கோவை_கையேடு

ஒரு தகவல். சர்வீஸ் பிரிவோடு பேசியதில், ‘மின்னோடி’ வேண்டாம், ‘மோட்டார்’ என்றே இருக்கட்டும் என்று முடிவாகியிருக்கிறது. இரண்டாம் பதிப்பு முழுக்க ‘மின்னோடி’. அந்தப் பதிப்பில் வாக்கியங்கள் மற்றபடி நன்றாக இருப்பதால் அதைத்தான் அடிப்படையாக எடுத்தேன். எக்செல்லில் மொத்தமாக மாற்றினேன். ‘மோட்டார்யை’, ‘மோட்டார்க்கு’ என்றெல்லாம் வந்துவிட்டது.

சிவா_டிடிபி

ஒவ்வொன்றாகத் தேடி மாற்றுவதுதான் வழி. நாங்கள் அப்படித்தான்.

கார்த்திக்_நிரல்

உருபோடு சேர்த்து மாற்றினால் ஒரே ஓட்டத்தில் முடியும். நீளமானது முதலில், வெறும் சொல் கடைசியில். வரிசை மாறினால் வேலை செய்யாது.

```python
import unicodedata
pairs = [("மின்னோடிக்கு", "மோட்டாருக்கு"),
         ("மின்னோடியின்", "மோட்டாரின்"),
         ("மின்னோடியில்", "மோட்டாரில்"),
         ("மின்னோடியை", "மோட்டாரை"),
         ("மின்னோடி", "மோட்டார்")]
def fix(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    for a, b in pairs:
        s = s.replace(a, b)
    return s
```

ஓட்டி முடித்ததும் `மோட்டார்[க-ஹ]` என்று ரெகுலர் எக்ஸ்பிரஷனில் தேடுங்கள். ‘மோட்டார்’ முடிந்த உடனே இடைவெளி இல்லாமல் இன்னொரு எழுத்து வந்தால் பட்டியலில் விட்டுப்போன ஒரு உருபு இருக்கிறது. ‘மோட்டார்கள்’, ‘மோட்டார்தான்’ போன்றவை சரியானவை, அவற்றைத் தாண்டிப் போகலாம். ‘மின்னோடிக் கம்பி’ போன்ற இடத்தில் ‘மோட்டார்க் கம்பி’ என்று ஒற்று ஒட்டி நிற்கும், அதுவும் இந்தத் தேடலில் அகப்படும்.

மீனாட்சி_தொழில்நுட்பம்

இதை மெமரியில் செய்வதுதான் முக்கியம். அச்சுக்குப் போகும் வேர்டு கோப்பில் மட்டும் திருத்திவிட்டு மெமரியை விட்டுவிட்டால், ஐந்தாம் பதிப்பில் ‘மின்னோடி’ மறுபடி எழுந்து வரும். கடைசி நேரத்தில் புரூஃபில் திருத்துவதையும் அன்றைக்கே மெமரியில் ஏற்றுங்கள். நான் பார்த்த நிறுவனங்களில் பெரும்பாலும் ஓட்டை இங்கேதான். லேஅவுட் செய்பவர் பக்கத்தில் இடம் போதவில்லை என்று வாக்கியத்தைச் சுருக்குவார், அது யாருக்கும் திரும்பி வராது.

சிவா_டிடிபி

இது உண்மை. நாங்கள் சுருக்குகிறோம், ஆனால் யாரும் எங்களிடம் திருத்திய வரியைக் கேட்பதில்லை. கேட்டால் கொடுப்போம்.

கோவை_கையேடு

சிவா அண்ணா, இனி நாங்கள் கேட்போம். திருத்திய வரிகளை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதித் தர முடியுமா?

சிவா_டிடிபி

பக்க எண்ணோடு தரலாம்.

மீனாட்சி_தொழில்நுட்பம்

ஆங்கிலம் எழுதுகிறவரிடமும் பேசுங்கள். அவர் மூன்றாம் பதிப்பின் வாக்கியத்தை நான்காவதில் கொஞ்சம் மெருகேற்றியிருப்பார். `Ensure that` என்பதை `Make sure` ஆக்கியிருப்பார். அவருக்கு அது சின்ன விஷயம். மெமரிக்கு அத்தனை வாக்கியமும் நூறிலிருந்து கீழே விழும். தமிழ் மாறாமல் இருக்க வேண்டுமானால் ஆங்கிலமும் காரணமில்லாமல் மாறக்கூடாது. அதேபோல் வாக்கியத்தின் நடுவில் ஷிஃப்ட் என்டர் போட்டு வரியை உடைப்பது. ஒரு வாக்கியத்தின் நடுவில் அப்படி உடைத்தால் அமைப்பைப் பொறுத்து மென்பொருள் அதை இரண்டாக எடுத்துக்கொள்ளும், அல்லது நடுவில் ஒரு டேக் வந்து விழும்.

கோவை_கையேடு

எழுதுகிறவர் என் அடுத்த மேசை, பேசிவிடுகிறேன். கடைசியாக ஒன்று. மூன்றாம் பதிப்பைச் செய்த ஏஜென்சியிடம் அவர்களுடைய மெமரியைக் கேட்டேன். அது தங்கள் உழைப்பு, தர முடியாது என்கிறார்கள். அதில் நம்முடைய வாக்கியங்கள்தானே இருக்கின்றன?

கார்த்திக்_நிரல்

நீங்கள் பணம் கொடுத்து வாங்கியது மொழிபெயர்ப்பு. மெமரி வேறு பொருள் என்று அவர்கள் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது?

கோவை_கையேடு

ஒன்றும் எழுதவில்லை.

மீனாட்சி_தொழில்நுட்பம்

எழுதாததால் இரண்டு பக்கமும் பேசலாம், இதில் எனக்கும் உறுதியான பதில் இல்லை. நானும் மொழிபெயர்ப்பாளர்தான். என் மெமரியில் வேறு வாடிக்கையாளரின் வாக்கியங்களும் கலந்திருந்தால் நானும் அப்படியே தர மாட்டேன். ஆனால் ஒரு நிறுவனத்துக்காகத் தனியாக வைத்த மெமரியைத் தராமல் இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களிடம் சண்டை போட வேண்டாம். மூன்றாம் பதிப்பின் வேர்டு கோப்பு உங்களிடம் இருக்கிறது, அலைன் செய்தாலே பெரும்பகுதி கிடைத்துவிடும். நான்காம் பதிப்பின் வேலை ஆணையில் மட்டும், முடித்த கோப்போடு `.tmx` கோப்பும் சேர்த்துத் தர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். ஒமேகாடியில் செய்தால் இறுதிக் கோப்பை உருவாக்கும்போதே புராஜெக்ட் ஃபோல்டரில் `-omegat.tmx` என்று முடியும் கோப்பு தானாக வரும், கேட்டால் அனுப்பிவிடலாம். அதில் இந்தப் பதிப்பில் உள்ள வாக்கியங்கள் மட்டுமே இருக்கும். நீக்கிய பழைய வாக்கியங்களும் வேண்டுமானால் `project_save.tmx` கோப்பையும் கேளுங்கள்.

யாழினி_வடக்கு

இதை நானும் குறித்துக்கொண்டேன். எங்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை, நாங்களும் தந்ததில்லை.

கோவை_கையேடு

வேலை ஆணையில் அந்த வரியைச் சேர்த்துவிட்டேன், சட்டப் பிரிவு பார்க்கிறது. ஏஜென்சி இந்த நிபந்தனைக்கு விலை கூட்டுமா என்று தெரியவில்லை. யாராவது இப்படிக் கேட்டு வாங்கியிருந்தால் எவ்வளவு கூடியது என்று சொல்லுங்கள். எச்சரிக்கைக் கோப்புக்கு முதல் வரியாக ‘பேனலைத் திறக்கும் முன் மெயின் சப்ளையை ஆஃப் செய்யவும்’ என்பதையே எடுத்திருக்கிறோம். சர்வீஸ் தலைவர் ‘வெளியிலிருந்து வரும்’ என்று சேர்க்கச் சொல்கிறார், ஆங்கிலத்தையும் அதற்கேற்ப மாற்றினால்தான் சேர்ப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.